குறையும் படியளவு கொண்ட எஸ்ஜிடி: இரைச்சலுக்கு நடுவில் எதை உறுதியாகச் சொல்லலாம்

தரவின் சிறு தொகுதிகள் தரும் தோராயச் சரிவைப் பின்பற்றி இழப்பைக் குறைக்கும் ஸ்டொகாஸ்டிக் கிரேடியன்ட் டிசென்ட், அதாவது எஸ்ஜிடி முறையில் மாதிரி ஒன்றைப் பயிற்றுவிக்கும்போது, லேர்னிங் ரேட் எனப்படும் படியளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், ஆரம்பத்தில் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்த இழப்பு வரைபடம் ஒரு கட்டத்தில் அமைதியாகி நேர்கோடாக நின்றுவிடும். அந்த நேர்கோட்டைப் பார்த்தவுடன் "ஒருங்கிவிட்டது" என்று அறிக்கையில் எழுதிவிடுவதுதான் புதிதாக வருபவர்களிடம் நான் அடிக்கடி காணும் பழக்கம். படியளவு பூஜ்யத்தை நோக்கிப் போனால் எந்த ஓட்டமும் அமைதியாகத்தான் செய்யும். இலக்கை அடைந்ததால் நின்றதா, நடக்க முடியாமல் நின்றதா என்பதை அந்தக் கோடு சொல்லாது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி, பிரித்தறிந்த பிறகு எந்த வாக்குறுதியை நேர்மையாகக் கொடுக்கலாம் என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது. பள்ளி அளவிலான வகை நுண்கணிதமும், திட்டவிலக்கம் என்றால் என்ன என்ற அறிவும் போதுமானவை.

1. கையில் வைத்துச் சோதிக்க ஒரு சிறு கணக்கு

உண்மையான நியூரல் நெட்வொர்க்கில் இலக்கு எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. ஆகவே தவறு எங்கே நடக்கிறது என்றும் தெரியாது. எனவே விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. இரண்டு மாறிகள் கொண்ட ஓர் இழப்புச் சார்பை எடுத்துக்கொள்வோம்:

```
f(u, v) = 0.5 * (1.0 * u^2 + 0.1 * v^2)
```

இது ஒரு நீள்வட்டக் கிண்ணம் போன்றது. u திசையில் அதன் சுவர் செங்குத்தாக எழுகிறது. V திசையில் மிகவும் சாய்வாக, கிட்டத்தட்டச் சமதளமாகப் படுத்திருக்கிறது. ஒரு திசையில் சரிவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைக் குறிக்கும் வளைவு எண்ணை h என்று அழைப்போம்: u திசையில் h = 1, v திசையில் h = 0.1. மீச்சிறு மதிப்பு இரண்டு மாறிகளும் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் கிடைக்கிறது. நாம் இரண்டு திசையிலும் 10 அலகு தள்ளி நின்று தொடங்குகிறோம் என்றால், தொடக்க இழப்பு 55.

எஸ்ஜிடியில் சரியான சரிவு நமக்குக் கிடைப்பதில்லை; தரவின் ஒரு சிறு தொகுதியான மினிபேட்ச் தரும் தோராயச் சரிவே கிடைக்கிறது. அதை "உண்மைச் சரிவு + இரைச்சல்" என்று எழுதலாம். இரைச்சலின் சராசரி பூஜ்யம், அதன் திட்டவிலக்கமான sigma ஒவ்வொரு திசையிலும் 2 என்று வைத்துக்கொள்வோம். t-ஆவது படியின் அளவு a(t) எனில், ஒவ்வொரு திசையிலும் பிழை e இப்படி மாறுகிறது:

```
e(t+1) = (1 - a(t)*h) * e(t) - a(t) * noise(t)
```

இந்த ஒற்றை வரியில்தான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கிறது. வலப்பக்கத்தின் முதல் உறுப்பு, தொடங்கிய இடத்தை மறக்கும் வேலையைச் செய்கிறது. இரண்டாவது உறுப்பு, ஒவ்வொரு படியிலும் புதிய இரைச்சலை உள்ளே கொண்டுவருகிறது. a(t) பெரியதாக இருந்தால் மறதி வேகமாக நடக்கும், ஆனால் இரைச்சலும் கூடும். சிறியதாக இருந்தால் இரைச்சல் அடங்கும், ஆனால் மறதியும் நின்றுபோகும். இனி வரும் எல்லாமே இவ்விரண்டுக்கும் இடையிலான பேரம்தான்.

2. முதலில் படியளவை மாற்றாமல் ஓட்டிப் பாருங்கள்

படியளவை a என்ற ஒரே மதிப்பில் வைத்தால், தொடக்கப் பிழை விரைவாக மறைந்துவிடும். ஆனால் மீதமுள்ள பிழை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காது. வர்க்கப் பிழையின் சராசரி நிலைத்து நிற்கும் மதிப்பை மேலேயுள்ள வரியிலிருந்தே பெறலாம். இருபுறமும் வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, இரண்டு பக்கமும் சமம் என்று வைத்தால் கிடைப்பது:

```
E[e^2] = a * sigma^2 / (h * (2 - a*h))
```

a = 0.1 என்றால் u திசையில் பிழையின் வழக்கமான அளவு சுமார் 0.46; v திசையில் சுமார் 1.4. படியளவைப் பத்தில் ஒன்றாக்கி a = 0.01 என்று வைத்தால் இவை 0.14 ஆகவும் 0.45 ஆகவும் குறைகின்றன. பத்து மடங்கு குறைத்தும் பிழை மூன்று மடங்குதான் குறைந்தது. பதிலுக்கு மறக்கும் நேரம் பத்து மடங்கு நீண்டது. மாறாப் படியளவு கொண்ட எஸ்ஜிடி ஒரு புள்ளிக்கு ஒருங்குவதில்லை. இலக்கைச் சுற்றிய ஒரு பகுதிக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அப்பகுதியின் அகலம் படியளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை. பல வேலைகளுக்கு அந்த அகலம் போதுமானதாகவே இருக்கும். ஆனால் அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் படியளவு குறைந்தே ஆகவேண்டும்.

3. எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம்

இக்கேள்விக்கு ஹெர்பர்ட் ராபின்ஸும் சட்டன் மன்ரோவும் 1951இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இரண்டு நிபந்தனைகளில் விடை சொன்னது. நியூரல் நெட்வொர்க் எதுவும் அவர்கள் மனத்தில் இல்லை. இரைச்சலுடன் மட்டுமே அளக்கக்கூடிய ஒரு சார்பு எங்கே ஒரு குறிப்பிட்ட மதிப்பை எட்டுகிறது என்று தேடுவதே அவர்களுடைய சிக்கல். இன்றும் அந்த இரண்டு நிபந்தனைகளே அடித்தளமாக இருக்கின்றன: எல்லாப் படியளவுகளின் கூடுதல் முடிவிலியாக இருக்க வேண்டும், அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் முடிவுறு எண்ணாக இருக்க வேண்டும்.

முதல் நிபந்தனை மறதியைக் காக்கிறது. மொத்த நடைதூரத்துக்கு ஓர் உச்சவரம்பு இருந்தால், அந்த வரம்பைத் தாண்டி இருக்கும் இலக்கை எத்தனை கோடி படிகள் எடுத்தாலும் அடைய முடியாது. இரண்டாவது நிபந்தனை, உள்ளே வரும் இரைச்சலின் மொத்தத்துக்கு வரம்பு வைக்கிறது. `1/t` இரண்டையும் நிறைவு செய்கிறது, அடுக்கு 0.5-க்கு மேல் 1 வரை இருக்கும் எந்த `t^(-p)` வடிவமும் நிறைவு செய்கிறது.

மென்பொருள்களில் கிடைக்கும் மிகப் பழக்கமான குறைப்பு முறைகளுள் ஒன்று முதல் நிபந்தனையை மீறுகிறது என்பதை இங்கே நிறுத்திக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் படியளவை ஒரே விகிதத்தில் பெருக்கிக் குறைக்கும் முறையைச் சொல்கிறேன். பைடார்ச்சில் `ExponentialLR` அதன் `step()` அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் செய்வது இதைத்தான். `a(t) = 0.1 * 0.99^t` என்று ஒவ்வொரு படியிலும் குறைத்தால், எல்லாப் படியளவுகளின் கூடுதல் வெறும் 10. v திசையில் தொடக்கப் பிழை ஏறக்குறைய ஆய்லர் எண்ணான 2.718-இன் அடுக்கு −0.1 × 10, அதாவது 0.37 மடங்காகக் குறைந்து, அதோடு நின்றுவிடும். 10 அலகில் தொடங்கிய நாம் சராசரியாக 3.7 அலகில் நிரந்தரமாக நிற்போம். ஆயிரம் படிகளுக்குள் வரைபடம் முற்றிலும் தட்டையாகிவிடும். இழப்போ 55-இலிருந்து 0.7 அளவுக்கு இறங்கியிருக்கும். 98 விழுக்காட்டுக்கு மேல் குறைந்த அந்த வரைபடத்தைப் பார்த்து யாருக்கும் ஐயம் எழாது. ஓட்டம் ஒருங்கியதும் உண்மை; ஒருங்கிய இடம் மீச்சிறு மதிப்பு இல்லை என்பதும் உண்மை.

இம்முறையைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மொத்தப் படிகளின் எண்ணிக்கையை முன்பே தீர்மானித்து, விகிதத்தை அதற்கேற்ப 1-க்கு மிக அருகில் வைத்தால் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் முடிவிலி வரை ஓட்டினால் எங்கே சேரும் என்ற கோட்பாட்டு உறுதியை அதற்கு வழங்க முடியாது.

4. c/t என்று வைத்தால் c-யின் மதிப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்

நிபந்தனைகள் இரண்டும் நிறைவேறினால் போதும் என்று நினைப்பது அடுத்த பொறி. `a(t) = c/t` எந்த நேர்ம c-க்கும் அவற்றை நிறைவேற்றும். ஆனால் c × h என்ற பெருக்கற்பலன் 0.5-க்கு மேல் இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்து, கிடைக்கும் வேகம் வேறுவேறு உலகங்களைச் சேர்ந்ததாக ஆகிவிடுகிறது. மேலே இருந்தால் வர்க்கப் பிழையின் சராசரி `1/t` வேகத்தில் குறைகிறது:

```
E[e^2] ≈ c^2 * sigma^2 / ((2*c*h - 1) * t)
```

கீழே இருந்தால் அது `t^(-2*c*h)` என்ற வேகத்துக்கு விழுந்துவிடுகிறது. சூத்திரமாகப் பார்க்கையில் இது சாதாரணமாகத் தெரியலாம். எண்களில் பார்த்தால்தான் அதன் கொடுமை புரியும்.

நம் கணக்கில் c = 1 என்று வைப்போம். u திசையில் இது மிகச் சிறந்த தேர்வு. சொல்லப்போனால், h = 1 எனும்போது `1/t` படியளவு கொண்ட எஸ்ஜிடி என்பது வந்த அளவீடுகளின் சராசரியைத் தொடர்ந்து கணக்கிடுவதே; பத்து லட்சம் படிகளுக்குப் பிறகு பிழை 2 ÷ 1000, அதாவது 0.002. v திசையில் c × h = 0.1. அங்கே தொடக்கப் பிழை `t^(-0.1)` வேகத்தில் குறைகிறது. 10-இல் தொடங்கிய பிழை பத்து லட்சம் படிகளுக்குப் பிறகு 2.35-இல் நிற்கிறது. நூறு கோடி படிகள் ஓட்டினாலும் 1.18-தான். இந்த வேகத்தில் பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் படிகளின் எண்ணிக்கையை 1024 மடங்காக்க வேண்டும். கோட்பாடு பொய் சொல்லவில்லை: இந்த ஓட்டம் சரியான இடத்துக்கே ஒருங்குகிறது. அது நடந்து முடிவதைப் பார்க்க நம்மால் காத்திருக்க முடியாது என்பது மட்டுமே சிக்கல்.

இப்போது c = 10 என்று மாற்றுவோம். v திசையில் c × h = 1; பத்து லட்சம் படிகளில் பிழையின் வழக்கமான அளவு சுமார் 0.02. முன்பு 2.35 இருந்த இடத்தில் இது கிடைக்கிறது. அதற்கான விலையை u திசை கொடுக்கிறது: 0.002 ஆக இருந்த பிழை 0.0046 ஆகிறது. இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். c தேவைக்கு மேல் பத்து மடங்கு பெரிதாக இருந்தால் பிழை இரண்டு மடங்குக்குச் சற்று மேல் கூடுகிறது. தேவைக்குக் கீழ் பத்து மடங்கு சிறிதாக இருந்தால் ஓட்டமே வீணாகிறது. ஐயம் இருந்தால் பெரிய c-யின் பக்கம் சாய்வதே அறிவுடைமை.

ஆனால் பெரிய c-யைத் தொடக்கத்திலேயே அப்படியே பயன்படுத்தக் கூடாது. `10/t` என்றால் முதல் படியின் அளவு 10. U திசையில் பிழை −9-ஆல் பெருக்கப்படும், அடுத்த படியில் −4-ஆல், அதன்பின் −2.33-ஆல், பிறகு −1.5-ஆல். நான்கே படிகளில் 10 அலகுப் பிழை 1260 அலகாகிவிடும். உண்மையான மாதிரியாக இருந்தால் திரையில் `nan` தோன்றியிருக்கும். பின்னத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு நகர்வு எண்ணைச் சேர்த்து `c/(t + t0)` என்று எழுதுவது இதற்குத் தீர்வு. முதல் படியின் அளவு, மிகப் பெரிய h-இன் தலைகீழியைத் தாண்டாதபடி t0-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் கணக்கில் `10/(t + 20)` என்று வைத்தால் முதல் படி 0.48-இல் தொடங்குகிறது, எதுவும் வெடிக்காது.

5. h தெரியாதபோது: அடுக்கைக் குறைத்து, சராசரி எடுங்கள்

மிகத் தட்டையான திசையின் h எவ்வளவு என்பது நடைமுறையில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. c-யை ஊகிக்க வேண்டிய இந்தக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கும் வழியை டேவிட் ரூப்பர்ட் 1988இலும், போரிஸ் போல்யாக், அனடோலி ஜுடிட்ஸ்கி இருவரும் 1992இலும் காட்டினார்கள். படியளவை `1/t`-ஐ விட மெதுவாக, எடுத்துக்காட்டாக `0.5 * t^(-0.6)` என்று குறையுங்கள். மறதி விரைவாக நடக்கும், ஆனால் கடைசிப் புள்ளி இரைச்சலோடு ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் கடைசிப் புள்ளியை விடையாகக் கொள்ளாமல், கடந்து வந்த புள்ளிகளின் சராசரியை விடையாகக் கொள்ளுங்கள். தொடக்கப் பகுதியில் இலக்கு வெகுதொலைவில் இருந்த புள்ளிகள் சராசரியைக் கெடுக்காமலிருக்க, பின்பாதியை மட்டும் சராசரிக்கு எடுப்பது நல்ல நடைமுறை.

நம் கணக்கில் பத்து லட்சம் படிகள் ஓட்டினால், v திசையில் கடைசிப் புள்ளியின் பிழை வழக்கமாக 0.05 அளவிலும், பின்பாதிச் சராசரியின் பிழை 0.03-க்குச் சற்றுக் கீழும் இருக்கும். u திசையில் 0.016 என்பது 0.003-க்கு அருகில் இறங்கிவிடும். h-ஐப் பற்றி எதுவுமே தெரியாமல், `10/(t + 20)` என்ற தேர்ந்த ஏற்பாட்டுக்கு நிகரான விடை கிடைத்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு முறையைக் கற்றுக்கொள்வதாக இருந்தால் இதைத்தான் பரிந்துரைப்பேன். நினைவகத்தில் அளவுருக்களுக்கு இன்னொரு பிரதி தேவைப்படும். அதைத் தவிர வேறு செலவு இல்லை.

6. அமைதி வேறு, வந்துசேர்தல் வேறு: இரண்டு சோதனைகள்

நேர்கோட்டை நம்பக் கூடாது என்றால் எதை நம்புவது? பிழைக்கு இரண்டு பகுதிகள் இருப்பதால், இரண்டையும் தனித்தனியே அளக்கும் இரண்டு சோதனைகள் தேவை. கீழேயுள்ள நிரல் நம் கணக்கை அப்படியே ஓட்டுகிறது.

```python
import numpy as np

def run(step, w0, seed, T=1_000_000):
    rng = np.random.default_rng(seed)
    h = np.array([1.0, 0.1])
    w = np.array(w0, dtype=float)
    avg = np.zeros(2)
    for t in range(1, T + 1):
        g = h * w + 2.0 * rng.standard_normal(2)
        w -= step(t) * g
        if t > T // 2:
            avg += (w - avg) / (t - T // 2)
    return w, avg
```

முதல் சோதனை மறதியை அளக்கிறது. வெவ்வேறு இரண்டு இடங்களிலிருந்து தொடங்கி, இரண்டு ஓட்டங்களுக்கும் ஒரே `seed` கொடுங்கள். அதாவது இரண்டும் அதே தரவை அதே வரிசையில் பார்க்கட்டும். இரண்டுக்கும் இரைச்சல் ஒன்றே என்பதால், இரு புள்ளிகளையும் கழிக்கும்போது இரைச்சல் நீங்கி, தொடக்க இடத்தின் தடயம் மட்டும் மிஞ்சும்.

```python
slow = lambda t: 1.0 / t
a, _ = run(slow, [10, 10], seed=1)
b, _ = run(slow, [-10, -10], seed=1)
print(np.abs(a - b))
```

இங்கே u திசையின் வேறுபாடு பூஜ்யமாகவும், v திசையின் வேறுபாடு 4.7-க்கு அருகிலும் வரும். வரைபடம் எவ்வளவு தட்டையாக இருந்தாலும், அந்த 4.7 என்ற எண் இன்னும் வந்துசேரவில்லை என்பதைப் பளிச்சென்று காட்டிவிடுகிறது. `slow` இருக்கும் இடத்தில் `10.0 / (t + 20)` என்ற படியளவைக் கொடுத்துப் பாருங்கள், வேறுபாடு 0.0004 அளவுக்குச் சுருங்கும்.

இதே சோதனை h-ஐ மதிப்பிடவும் உதவும். படியளவை 0.1-இல் மாற்றாமல் வைத்து, இரு ஓட்டங்களுக்கு இடையிலான தொலைவைக் குறித்துக்கொண்டே வாருங்கள். u திசையின் பங்கு நூறு படிகளுக்குள் மறைந்துவிடும். அதன்பின் 100-ஆவது படிக்கும் 200-ஆவது படிக்கும் இடையில் தொலைவு 0.37 மடங்காகக் குறைந்தால், ஒரு படிக்கு ஒரு விழுக்காடு குறைகிறது என்று பொருள்; அதைப் படியளவால் வகுத்தால் h = 0.1 கிடைக்கும். c-க்கு அதன் தலைகீழியான 10-ஐ எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சோதனை இரைச்சலை அளக்கிறது. இப்போது தொடங்கும் இடத்தை மாற்றாமல் `seed`-ஐ மட்டும் மாற்றி, ஒரு பத்து ஓட்டங்கள் ஓட்டுங்கள். முடிவுப் புள்ளிகளின் திட்டவிலக்கமே உங்கள் விடையின் இரைச்சல் அளவு. முதல் சோதனையின் எண் இரண்டாவது சோதனையின் எண்ணைவிடத் தெளிவாகச் சிறியதாக இருந்தால் மட்டுமே "தொடக்க இடம் மறக்கப்பட்டது, மீதி இருப்பது இரைச்சல்" என்று எழுத உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டாவது சோதனையை மட்டும் செய்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. முன்பு பார்த்த `0.99^t` ஓட்டத்தில் பத்து ஓட்டங்களும் 3.7-ஐச் சுற்றியே முடியும், அவற்றுக்குள் நல்ல ஒற்றுமையும் தெரியும், பத்துமே இலக்கிலிருந்து தள்ளி நிற்கும்.

ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். பல பள்ளங்கள் கொண்ட இழப்புச் சார்பில் இரண்டு தொடக்கங்களும் வேறுவேறு பள்ளங்களில் போய் விழலாம். அப்போது முதல் சோதனையின் வேறுபாடு குறையாமலிருப்பதற்கு மறதிக் குறைவு காரணம் என்று சொல்ல முடியாது. அத்தகைய மாதிரிகளில், இரு தொடக்கங்களையும் ஒரே புள்ளிக்கு அருகில், சிறிய இடைவெளியில் வைத்துச் சோதித்தால், குறைந்தபட்சம் அந்தப் பள்ளத்துக்குள் நடப்பதை அறியலாம்.

7. அறிக்கையில் எதை எழுதலாம்

ஒருங்குதல் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறுபட்ட உறுதிமொழிகள் ஒளிந்திருக்கின்றன. உங்கள் இழப்புச் சார்பு எந்த வகை என்பதைப் பொறுத்து அவற்றுள் ஒன்றுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

எல்லாத் திசையிலும் வளைவு பூஜ்யத்துக்கு மேல் இருப்பது உறுதியானால், இழப்பின் மீதமுள்ள இடைவெளி `1/T` வேகத்தில் குறைகிறது. இடைவெளியைப் பாதியாக்க இரண்டு மடங்கு படிகள் போதும். கிண்ண வடிவம்தான், ஆனால் சில திசைகளில் முழுச் சமதளமாகவும் இருக்கலாம் என்றால், `1/√T` வேகமே கிடைக்கும். பாதியாக்க நான்கு மடங்கு படிகள். அந்த உறுதியும், பாடநூல்களில் வரும் எளிய நிரூபணத்தின்படி, புள்ளிகளின் சராசரிக்கே உரியது. பள்ளங்களும் மேடுகளும் நிறைந்த பொதுவான சார்பு என்றால், மீச்சிறு மதிப்பைப் பற்றி எந்த உறுதியும் இல்லை. சரிவு சிறியதாக இருக்கும் ஓர் இடத்தை வழியில் எங்கேயோ கடந்திருப்போம் என்பது மட்டுமே சொல்லப்படுகிறது. சார்பு போதிய அளவு வழவழப்பாக இருந்து, அதன் அதிகபட்ச வளைவு L என்றால், படியளவு `1/L`-ஐத் தாண்டாதவரை:

```
average of E|grad|^2  <=  2*(f_start - f_min)/(a*T) + a*L*sigma^2
```

முதல் உறுப்பு மறதி, இரண்டாவது இரைச்சல். நம் சிறு கணக்கில் பார்த்த அதே இரண்டு பேர்தான் இங்கும் நிற்கிறார்கள். இரண்டையும் சமன் செய்யும் a-யைத் தேர்ந்தால் சரிவின் வர்க்கம் `1/√T` வேகத்தில் குறைகிறது. சரிவின் நீளத்தைப் பாதியாக்க 16 மடங்கு படிகள் தேவை. அந்தச் சிறிய சரிவு உள்ள இடம், ஒரு திசையில் பள்ளமாகவும் இன்னொரு திசையில் மேடாகவும் தோன்றும் ஒரு சேணப் புள்ளியாகவும் இருக்கலாம். இச்சூத்திரம் அதை விலக்குவதில்லை. நியூரல் நெட்வொர்க் பயிற்சியைப் பற்றி எழுதும்போது முதல் வகைக்கு உரிய `1/T`-ஐ மேற்கோள் காட்டுவது தவறு.

இவை அனைத்தும் எதிர்பார்ப்பு மதிப்புகள். அதாவது எண்ணற்ற ஓட்டங்களின் சராசரி. உங்கள் கையில் இருப்பதோ ஒரே ஓட்டம். வர்க்கப் பிழையின் சராசரி 0.0004 என்றால், அதைப் போலப் பத்து மடங்கான 0.004-ஐ உங்கள் ஓட்டம் தாண்டும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கு மேல் இருக்காது. கூடுதல் ஊகங்கள் எதுவும் இல்லாமல் இவ்வளவுதான் சொல்ல முடியும். இரைச்சலின் திட்டவிலக்கமே முடிவுறு எண்ணாக இல்லாவிட்டால், அதாவது அரிதாக வரும் சில மினிபேட்ச்கள் மிகப் பெரிய சரிவுகளைத் தருமானால், sigma இடம்பெறும் எந்தச் சூத்திரமும் செல்லாது. மினிபேட்ச் சரிவின் நீளத்தைத் தொடர்ந்து பதிவு செய்து, அதன் மிகப் பெரிய மதிப்பு நேரம் ஆக ஆகத் தாவித்தாவி உயர்கிறதா என்று பாருங்கள். அப்படி உயர்ந்தால் சரிவுக்கு நீள உச்சவரம்பு வைக்கும் கிளிப்பிங் தேவைப்படும். ஆனால் கிளிப்பிங் இரைச்சலின் சராசரியைப் பூஜ்யத்திலிருந்து நகர்த்தக்கூடியது.

அந்த நகர்வு ஏன் முக்கியம் என்றால், இதுவரை சொன்ன எல்லா வாக்குறுதிகளும் "இரைச்சலின் சராசரி பூஜ்யம்" என்ற ஒரே ஊகத்தின்மேல் நிற்கின்றன. தோராயச் சரிவு எப்போதும் b அளவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், ஓட்டம் இலக்கிலிருந்து `b/h` தொலைவில் போய் ஒருங்கும். v திசையில் b = 0.05 என்ற சிறு சாய்வுகூட 0.5 அலகு விலகலாகிவிடும். படியளவை எவ்வளவு குறைத்தாலும் இது போகாது. மேலே சொன்ன இரண்டு சோதனைகளும் இதைக் காட்டிக்கொடுக்கா. தரவுக் கோப்பு வகைவாரியாக அடுக்கப்பட்டிருக்க, அதைக் கலைக்காமல் வரிசையாக வாசிப்பது இத்தகைய சாய்வு நுழையும் வழிகளுள் ஒன்று. ஒரே புள்ளியில் நின்று, அளவுருக்களை மாற்றாமல், முழுத் தரவின் சரிவையும் பல மினிபேட்ச் சரிவுகளின் சராசரியையும் ஒப்பிட்டால் இதைக் கண்டுபிடிக்கலாம்.

கடைசியாக, எந்தச் சார்பின் மீச்சிறு மதிப்பு என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். நம் கணக்கில் ஒவ்வொரு படியும் புத்தம்புதிய இரைச்சலைப் பெற்றது. உண்மையில் 10,000 பதிவுகள் கொண்ட ஒரு கோப்பை நூறு முறை சுற்றிவந்து பத்து லட்சம் படிகளை எட்டியிருப்பீர்கள். அப்போது ஓட்டம் ஒருங்குவது அந்த 10,000 பதிவுகளின் சராசரி இழப்பின் மீச்சிறு புள்ளிக்கு. u திசையைப் போன்ற ஒரு சராசரியைக் கணிக்கும் வேலையில், அந்தப் புள்ளியே உண்மை மதிப்பிலிருந்து 2 ÷ 100, அதாவது 0.02 அளவு விலகியிருக்கும். படிகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்ட 0.002 என்ற எண்ணை அங்கே எழுத முடியாது. நூறாவது சுற்றுக்குப் பிறகும் அந்த 0.02 அப்படியேதான் இருக்கும், அதைக் குறைக்கப் புதிய பதிவுகளைத்தான் சேர்க்க வேண்டும்.